சிக்னல் முழுசா இருந்தது, இணையம் மட்டும் வரவில்லை

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். ஃபைபர் இணைப்பு நின்றால் என் வேலையும் நின்றுவிடும் என்பதால், மாற்று ஏற்பாடாக சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கினேன். ஜன்னல் ஓரமாக வைத்து ஆன் செய்ததும் சிக்னல் விளக்குகள் எல்லாம் எரிந்தன. இணையம் மட்டும் வரவில்லை.

அந்த விளக்குகள் டவரோடு உள்ள ரேடியோ தொடர்பைத்தான் காட்டும். டேட்டா போக, நெட்வொர்க்கின் எந்த வாசல் வழியாகப் போவது என்று ரவுட்டர் சொல்ல வேண்டும். அந்த வாசலின் பெயர்தான் ஏபிஎன். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் WAN IP என்ற இடத்தில் `0.0.0.0` என்று இருந்தது. அதாவது முகவரியே கிடைக்கவில்லை.

அதே சிம்மைப் போனில் போட்டேன், உடனே வேலை செய்தது. சரி, சிம்மில் குறையில்லை. போனின் ஏபிஎன் பக்கத்தைத் திறந்தால், ரவுட்டர் தானாகப் போட்டிருந்த பெயர் வேறு, அங்கே இருந்த பெயர் வேறு! அதைத் தாளில் எழுதிக்கொண்டு, ரவுட்டரில் புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி எழுத்துப் பிசகாமல் தட்டினேன். யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டும் போனில் காலி, இங்கேயும் காலியாக விட்டேன். சேமித்த பிறகும் `0.0.0.0` மாறவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: புதிய ப்ரொஃபைல் பட்டியலில் சேர்ந்திருந்ததே தவிர, பயன்பாட்டில் இருந்தது பழையதுதான். புதியதை டீஃபால்ட் ஆக்கி ரீஸ்டார்ட் செய்ததும் `100.72` என்று தொடங்கும் முகவரி வந்தது, இணையமும் வந்தது. இது நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் வகை முகவரி; வெளியுலகத்துக்குப் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுக்கு நேராக நுழைய இது உதவாது. எனக்கு அது தேவைப்படவில்லை.

அப்புறம் இதை வீட்டின் முக்கிய ரவுட்டரில் இரண்டாவது WAN-ஆக, அதாவது இரண்டாவது இணைய வழியாக, இணைத்தேன். இரண்டுமே `192.168.1.1` என்ற முகவரியில் இருந்ததால் மோதல் வந்தது. சிம் ரவுட்டரை `192.168.8.1`க்கு மாற்றியதும் சரியானது.

சோதனைக்கு, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினேன். சில நொடிகளில் சிம்முக்கு மாறியது, நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரம் ஃபைபர் நிஜமாகவே நின்றபோது மாறவே இல்லை. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே கேபிள் உயிரோடு இருந்ததால், லைன் நன்றாக இருக்கிறது என்றே ரவுட்டர் நினைத்திருக்கிறது. பெட்டிக்கு அப்பால் இருந்த கோளாறு அதற்குத் தெரியவில்லை.

ஆகவே கேபிளைப் பார்த்து முடிவெடுக்கும் முறையை விட்டு, ஃபைபர் வழியாக `1.1.1.1`, `8.8.8.8` என்ற இரண்டு பொது சர்வர்களுக்கும் ஐந்து நொடிக்கு ஒருமுறை பிங் அனுப்பச் சொன்னேன். மூன்று முறை தொடர்ந்து இரண்டிலிருந்துமே பதில் இல்லாவிட்டால் சிம்முக்கு மாறும். இந்த முறை ரவுட்டர் கேபிளைத் தொடாமல், பெட்டிக்குள் வரும் ஃபைபர் இழையை மெதுவாகக் கழற்றிப் பார்த்தேன். பதினைந்து, இருபது நொடிகளில் மாறியது. இழையைத் திரும்பச் செருகியதும் ஃபைபருக்கே வந்துவிட்டது.