ஜோர்டான் பிளாக் சைஸ்: ரேங்க் எத்தனை குறையுதுன்னு மட்டும் பாருங்க

லீனியர் அல்ஜீப்ரா பேப்பர்ல நான் மார்க் விட்ட ஒரு கணக்கு இது. 5×5 மேட்ரிக்ஸ், ஐகன்வேல்யூ 2 நாலு தடவை, 5 ஒரு தடவை, ஜோர்டான் ஃபார்ம் எழுதணும். `B = A − 2I` இப்படி வரும்:

```
0  1  1  0  1
0  0  0  1  0
0  0  0 -1  0
0  0  0  0  0
0  0  0  0  3
```

மூணாவது ரோ ரெண்டாவதோட மைனஸ், அதனால ரேங்க் 3. 5−3=2, அப்போ ஐகன்வேல்யூ 2-க்கு ரெண்டு பிளாக். இது வரைக்கும் எல்லாரும் போட்டுருவாங்க, ஆனா நாலை ரெண்டு பிளாக்கா பிரிக்கணும்னா 3+1-ஆவும் இருக்கலாம் 2+2-ஆவும் இருக்கலாம், ஐகன்வெக்டர எண்ணி அத கண்டுபிடிக்கவே முடியாது. B-ய ஸ்கொயர் பண்ணி ரேங்க் பாக்கணும்.

ஏன்னா, சைஸ் m உள்ள ஒரு பிளாக்ல அந்த ஐகன்வேல்யூவ கழிச்சுட்டா டயகனல் மொத்தம் ஜீரோ, அதுக்கு மேல ஒரு வரிசை 1 மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு தடவ பெருக்கும்போதும் அந்த 1 வரிசை ஒரு படி மேல தள்ளிப் போய் ரேங்க் ஒண்ணு குறையும், m தடவ ஆனா பிளாக் மொத்தமா காலி. வேற ஐகன்வேல்யூவோட பிளாக் இன்வர்ட்டிபிளாவே இருக்கும், அது எத்தன தடவ பெருக்குனாலும் குறையாது. அதனால k-ஆவது பெருக்கல்ல ரேங்க் எத்தன குறையுதோ, சைஸ் k-யோ அதுக்கு மேலயோ உள்ள பிளாக் அத்தன. மனப்பாடம் பண்ண ஃபார்முலா எதுவும் தேவையில்ல, இத புரிஞ்சுகிட்டா போதும்.

இப்போ ஸ்கொயர் பண்ணுவோம். முழுசா பெருக்க வேணாம், முதல் ரோல 2, 3, 5-ஆவது இடத்துல 1 இருக்கு, அதனால B-யோட 2, 3, 5-ஆவது ரோவ கூட்டுனாலே `B²`-ஓட முதல் ரோ வந்துரும்: `0 0 0 0 3`. 2, 3, 4-ஆவது ரோ ஜீரோ, கடைசி `0 0 0 0 9`. ரேங்க் 1. `B³`-க்கும் 1 தான். ஆக பெருக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உள்ள I-யோட ரேங்க் 5-ல இருந்து எண்ணுனா ரேங்க் 5, 3, 1, 1, குறைஞ்சது 2, 2, 0. சைஸ் 1-ஓ அதுக்கு மேலயோ ரெண்டு, 2-ஓ அதுக்கு மேலயோ ரெண்டு, 3-ஓ அதுக்கு மேலயோ எதுவும் இல்ல. ஆன்சர் 2+2, கூட 5-க்கு ஒரு சின்ன பிளாக்.

அந்த −1-ஐ மட்டும் +1 ஆக்கிப் பாருங்க. B-யோட ரேங்க் அதே 3 தான், ஆனா `B²`-ஓட முதல் ரோ `0 0 0 2 3` ஆயிரும், ரேங்க் 2. வரிசை 5, 3, 2, 1, 1, குறைஞ்சது 2, 1, 1, ஆன்சர் 3+1. ஒரே ஒரு சைன் தான் மாத்துனோம். அதனால மேட்ரிக்ஸோட ஷேப்ப பாத்துட்டு கண்ணாலயே பிளாக் சொல்லாதீங்க.

சரி நான் எங்க விட்டேன்னா, B-ய ரோ ரெடியூஸ் பண்ணி ரேங்க் 3-ன்னு எடுத்தேன்ல, டைம் மிச்சமாகும்னு அந்த ரெடியூஸ் ஆன மேட்ரிக்ஸையே எடுத்து ஸ்கொயர் பண்ணிட்டேன். ரோ ஆபரேஷன் ரேங்க மாத்தாதுங்கிறது உண்மைதான், ஆனா ரெடியூஸ் பண்ணதோட ஸ்கொயர் வேற, `B²` வேற. எனக்கு வந்தது 5, 3, 1, 0, அதாவது குறைஞ்சது 2, 2, 1, நானும் சந்தோஷமா 3+2-ன்னு எழுதிட்டு வந்துட்டேன் 😅 இதுல கொடும என்னன்னா `B²` ரேங்க் தற்செயலா சரியாவே வந்துச்சு, அதனால டவுட்டே வரல. குறைஞ்சதெல்லாம் கூட்டிப் பாத்திருந்தா அங்கயே மாட்டிருக்கும், 2+2+1=5, ஆனா ஐகன்வேல்யூ 2 இருக்கிறது நாலு தடவ தான். கூட்டுத்தொகை அந்த எண்ணிக்கைக்கு சமமா வரணும். ரேங்கும் ஜீரோவுக்கு போகக்கூடாது, 5-ஓட பிளாக் உள்ள இருக்கிறதால 1-ல நின்னே ஆகணும்.

இன்னொரு செக்: குறையுற எண்ணிக்கை போகப்போக ஏறாது. 5, 4, 2-ன்னு வந்தா (1 குறைஞ்சு அப்புறம் 2) பெருக்கல்ல தப்பு, ஏன்னா சைஸ் 2-ஓ அதுக்கு மேலயோ உள்ள பிளாக் எல்லாம் சைஸ் 1-ஓ அதுக்கு மேலயோ உள்ளதுலயும் அடக்கம் தானே.

சிலர் `(A − 2I)²`-க்கு பதிலா `A² − 4I` போடுவாங்க. அது `(A − 2I)(A + 2I)`, இங்க −2 ஐகன்வேல்யூ இல்லாததால ரேங்க் மறுபடியும் 3 தான் வரும். ரெண்டாவது ஸ்டெப்ல ரேங்க் குறையவே இல்லைன்னா முதல்ல இதத்தான் சந்தேகப்படணும், அல்ஜீப்ரைக் மல்டிப்ளிசிட்டி நாலு இருக்கும்போது நல்லிட்டி 2-லயே நிக்க முடியாது.

கம்ப்யூட்டர்ல டெசிமலா போடுறவங்களுக்கு இந்த முறை அப்படியே ஒத்து வராது. ஐகன்வேல்யூ 2-க்கு பதிலா 2.00000001-ன்னு வந்தாலே கழிச்சது ஃபுல் ரேங்க் ஆயிரும், பெரிய பிளாக் இருந்தா பிழை இன்னும் பெருசா வரும். பின்னமாவே வச்சு துல்லியமா கணக்கு போடுற சாஃப்ட்வேர்ல போடுங்க, இல்ல சின்ன மேட்ரிக்ஸ்னா கையாலயே போட்டுரலாம்.