அட்டைப்பெட்டி பில்லைத் திருப்பி அனுப்பிய கதை

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணத்துக்கு அனுப்புவது என் வேலை. 2025 நவம்பரில் ஒரு அட்டைப்பெட்டி பில்லை ஏற்க முடியாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதை அனுப்பியவர் பன்னிரண்டு பேரை வைத்து யூனிட் நடத்துபவர், எங்களுக்குப் பல வருடப் பழக்கம். அவர் மனம் நோகாமல், கம்பெனிக்கும் நஷ்டம் வராமல் அதை எப்படி முடித்தோம் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் 24 அன்று நாங்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில் 1,500 பெட்டி, பெட்டி ஒன்றுக்கு 62 ரூபாய். நவம்பர் 6 அன்று சரக்கு வந்தது. கூடவே வந்த பில்லில் 1,560 பெட்டி, விலை 65.50. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யோடு மொத்தம் 1,07,289 ரூபாய். எங்கள் ஸ்டோரில் போட்ட சரக்கு வரவுச் சீட்டிலோ 1,520 என்று இருந்தது. ஆக மூன்று காகிதத்தில் மூன்று எண்ணிக்கை.

முதலில் போனை எடுக்கவில்லை, ஸ்டோருக்குத்தான் போனேன். நம் பக்கம் எண்ணியது தப்பாக இருந்தால் அப்புறம் எந்த முகத்தோடு அவரிடம் பேசுவது? பெட்டிகள் மடித்த நிலையில், இருபது இருபதாகப் பட்டை போட்டுக் கட்டி வரும். பில்லின்படி 78 கட்டு இருக்க வேண்டும். ஸ்டோர் அண்ணனும் நானும் சேர்ந்து எண்ணினோம், 76 கட்டுதான். நாலைந்து கட்டைப் பிரித்தும் பார்த்தோம், எல்லாவற்றிலும் சரியாக இருபது. வாசலில் செக்யூரிட்டி எழுதிய நோட்டிலும் 76 என்றே இருந்தது. அந்தப் பக்கத்தையும் கட்டுகள் அடுக்கியிருந்ததையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதாவது பில்லில் இருந்து வராதது 40 பெட்டி. நாங்கள் கேட்காமல் வந்தது 20 பெட்டி. இரண்டும் வேறு வேறு விஷயம், ஒன்றாகக் குழப்பக் கூடாது. வராததற்குப் பணம் கிடையாது, அதில் பேச்சே இல்லை. கேட்காமல் வந்ததை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது எங்கள் முடிவு. ஏற்றுமதிப் பெட்டியில் பையரின் ஆர்டர் எண், ஸ்டைல் எண் எல்லாம் அச்சடித்திருக்கும், அடுத்த ஆர்டருக்கு அதைத் திருப்பி உபயோகிக்க முடியாது. பேக்கிங் மேலாளரிடம் கேட்டேன். "கிழிஞ்சா மாத்த இருபது இருக்கட்டும், அதுக்கு மேல வேண்டாம்" என்றார்.

அடுத்தது விலை. எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் விசாரித்தேன். அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு வரி ஐந்து சதவீதமாகக் குறைந்தது, அதைச் செய்யும் கிராஃப்ட் காகிதத்துக்கோ பதினெட்டாக ஏறியது. சின்ன யூனிட்காரருக்குக் கையில் இருக்கும் காசு வரியாகப் போய் முடங்குகிறது. அதனால் விலை கட்டுப்படியாகவில்லை என்று அவர் போனில் சொல்லியிருக்கிறார். தம்பியும் "அனுப்புங்கண்ணா, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டான். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருத்திய பி.ஓ. இல்லாமல் விலை மாறாது என்று எங்கள் பி.ஓ.விலேயே இருக்கிறது, அதை மீறி என்னால் பில்லைப் பாஸ் பண்ண முடியாது.

இந்த இடத்தில் பல கம்பெனிகளில் நடப்பது, சத்தமில்லாமல் வித்தியாசத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை அனுப்புவது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அவர் கணக்கில் அந்த 8,337 ரூபாய் வரவேண்டிய பாக்கியாகவே நிற்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் முழு பில் தொகை ஏறியிருக்கும். நாம் முழு வரியையும் உள்ளீட்டு வரவாக, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக எடுத்துவிட்டு, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் முழுப் பணத்தையும் கொடுக்காவிட்டால், கொடுக்காத பகுதிக்கான வரியை வட்டியோடு திருப்ப வேண்டிவரும்.

சொல்லாமல் கிடப்பில் போடுவதும் ஆபத்து. சிறு குறு தொழில் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வந்த தேதியிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். போனில் சொன்னது கணக்கில் வராது. அதனால் மறுநாள் காலை முதலில் போன் செய்தேன், பேசி முடித்த கையோடு மெயில் அனுப்பினேன். அந்த வரிசை முக்கியம். முன்பின் சொல்லாமல் மெயில் போய் விழுந்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

"அண்ணா, சரக்கு நல்லா வந்திருக்குங்க, தரத்துல ஒரு குறையும் இல்லைங்க. பில்லுல மட்டும் ரெண்டு விஷயம் பி.ஓ.வோட ஒத்துவரல" என்று ஆரம்பித்தேன். கட்டுக் கணக்கைச் சொன்னதும், "இருங்க அம்மிணி, பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். வண்டியில் ஏற்றாத இரண்டு கட்டு அவர் ஷெட்டிலேயே கிடந்ததாம். நாளைக்கே அனுப்பட்டுமா என்றார். வேண்டாங்க, ஏற்கெனவே இருபது கூடுதலாக வந்திருக்கிறது என்று விளக்கினேன். விலைப் பேச்சு வந்ததும் குரல் மாறியது. "தம்பி சரின்னு தானுங்க சொன்னாப்ல" என்றார். "எங்க பக்கம் தெளிவாச் சொல்லாதது தப்புதாங்க. இந்த ஆர்டருக்கு 62தான் என்னால பண்ண முடியும். அடுத்த பி.ஓ.வுக்கு முன்னாடி விலையைப் பேச எம்.டி.கிட்ட நானே நேரம் வாங்கித் தர்றேன்" என்றேன்.

மெயிலை இப்படி எழுதினேன்:

"வணக்கம் அண்ணா. போனில் பேசியபடி இதை எழுதுகிறேன். உங்கள் 6-ஆம் தேதி பில்லை இப்போதுள்ள நிலையில் எங்களால் ஏற்க இயலவில்லை. பில்லில் 1,560 பெட்டி, எங்களுக்கு வந்தது 1,520. பில் விலை 65.50, பி.ஓ. விலை 62. கூடுதலாக வந்த 20 பெட்டியை பி.ஓ. விலையிலேயே வைத்துக்கொள்கிறோம், அதற்குத் திருத்திய பி.ஓ.வை இணைத்துள்ளேன். எங்கள் கணக்குப்படி சரியான தொகை வரியோடு 98,952 ரூபாய். வித்தியாசம் 8,337. வரவுச் சீட்டு, வாசல் பதிவு, போட்டோ இணைப்பில் உள்ளன. எங்கள் எண்ணிக்கையில் பிழை இருப்பதாக நினைத்தால் தயவுசெய்து நேரில் வந்து பாருங்கள். சரிசெய்த ஆவணம் வந்ததும் பேசிய தேதியிலேயே பணம் அனுப்புகிறோம்."

இதில் 'தவறான பில்' என்ற வார்த்தையை யோசித்துத்தான் தவிர்த்தேன். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே விஷயம் புரிந்துவிடும்.

பில்லை ரத்து செய்துவிட்டு வேறு பில் போடுங்கள் என்று கேட்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். அவருடைய ஆடிட்டர் வேண்டாம் என்றார். அதே பில் எண்ணில் சரக்கு கொண்டுபோவதற்கான இ-வே பில் போட்டுச் சரக்கு நகர்ந்துவிட்டது, அதனால் வித்தியாசத்துக்கு, பில் தொகையைக் குறைத்துத் தரும் கிரெடிட் நோட்தான் சுத்தம் என்றார். அவர் சொன்னது சரி. கிரெடிட் நோட்டைச் சப்ளையர்தான் போட வேண்டும். நாம் போடும் டெபிட் நோட்டை வைத்து அவருடைய வரி குறையாது.

19-ஆம் தேதி கிரெடிட் நோட் வந்தது: மதிப்பு 7,940, வரி 397, அந்த பில் எண்ணோடு. டிசம்பர் 11-க்குள் அவர் தாக்கல் செய்யும் நவம்பர் கணக்கில் இரண்டும் சேர்ந்தே ஏறின. நோட் தாமதமாகியிருந்தால் ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த பில்லை Pending என்று வைத்திருப்பேன். Reject கொடுத்தால் முழு வரி வரவும் போய்விடும், பில்லில் பாதியை மட்டும் ஏற்க அங்கே வழி இல்லை.

ஆட்சேபம் தீர்ந்த 19-ஆம் தேதியிலிருந்து, பணம் கொடுக்கப் பேசியிருந்த முப்பது நாளை எண்ணவும் இடம் இருந்தது. நான் சரக்கு வந்த தேதியிலிருந்தே எண்ணி, டிசம்பர் 5 அன்று 98,952 ரூபாயை அனுப்பினேன். அடுத்த பி.ஓ. 64 ரூபாய்க்குப் போனது. எண்ணிக்கை இரண்டு சதவீதம் வரை கூடலாம் குறையலாம், பில்லில் கட்டு எண்ணிக்கையும் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி அதில் சேர்த்தோம். கட்டு எண்ணிக்கை அவர் கேட்டுச் சேர்த்தது.