சினை மீனும் இரண்டு கட்டுரைகளும்

நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு தடவை ‘மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் நீடிக்க வேண்டுமா?’ என்று வாதக் கட்டுரை எழுதச் சொன்னேன். குளச்சல் பக்கத்து மாணவி ஒருத்தி, வலையில் வந்த சினை மீனின் வயிற்றைக் கீறிய காட்சியில் தொடங்கி, ‘நம் பிள்ளைகளுக்குக் கடலில் மீன் வேண்டாமா?’ என்று முடித்திருந்தாள். படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் மதிப்பெண் பாதிதான் போட்டேன்.

“சார், நான் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லல்லா?”

இல்லைதான். என் பதில் அன்றைக்குச் சரியாக வரவில்லை. உணர்ச்சி அதிகம் என்று என்னவோ சொல்லி மழுப்பினேன். வீட்டுக்கு வந்தபிறகுதான், யாருக்காக எழுத வேண்டும் என்று நான் கேள்வியில் சொல்லவே இல்லை என்பது உறைத்தது.

அடுத்த வாரம் அதையே இரண்டாக எழுதச் சொன்னேன். ஒன்று, தடைக்காலத்தைக் குறைக்கக் கேட்கும் விசைப்படகுக்காரர்களிடம், இந்த வருசமும் படகைக் கரையிலேயே நிறுத்துங்கள் என்று இணங்க வைப்பதற்கு. மற்றது, எந்தப் பக்கமும் சாயாமல் இரு தரப்பு நியாயத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் ஒருவருக்கு.

முதலாவதில் சினை மீன் அப்படியே இருந்தது, இருக்கவும் வேண்டும், ஏனென்றால் அங்கே நோக்கம் ஆளை அசைப்பது. இரண்டாவதில்தான் அவள் திணறினாள். நம் மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை, குளச்சலுக்கோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பக்கத்துப் பக்கத்துக் கரைக்கு வேறு வேறு தேதி என்றால் எல்லா மீனும் நாம் போட்ட தேதியைப் பார்த்தா சினை பிடிக்கிறது என்று எதிர்ப்பக்கம் கேட்குமே? அதை அவளே எழுப்பி, மழுப்பாமல், எல்லா மீனுக்கும் ஒரே பருவம் இல்லை என்பதை ஒத்துக்கொண்டு, ஆனாலும் இரண்டு மாதம் விசைப்படகு இழுவலை ஓய்ந்தால் குஞ்சுகள் தப்ப வழியுண்டு என்ற அளவுக்குத் தன் முடிவைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசிக் கெஞ்சல் வரி தானாக உதிர்ந்துவிட்டது.

படகுக்காரர்களுக்கான கட்டுரையிலும் எதிர்வாதம் ஒன்று இருந்தது: வட்டிக் கடன். அதை ஏன் வைத்தாய் என்றேன். “அவங்க மனசுல அதுதானே ஓடும்” என்றாள். தேதி விஷயத்தை ஏன் விட்டாய் என்றேன். அவர்கள் கேட்காததை நான் எதற்கு எடுத்துக்கொடுக்கணும் என்றாள். நான் வாரக்கணக்காகத் தேடிய அளவுகோல் அதுதான். இணங்க வைக்கிறவர் வாசகர் மனதில் ஏற்கெனவே இருக்கும் தடையை மட்டும் நீக்கினால் போதும். வாதம் செய்கிறவரோ வாசகருக்கே தோன்றாத பலமான எதிர்ப்பையும் தேடிக் கொண்டுவந்து முன்னால் வைக்கணும்.

எல்லாக் கட்டுரையும் இப்படிச் சுத்தமாகப் பிரியாது, வாதத்திலும் கொஞ்சம் உணர்ச்சி கலக்கத்தான் செய்யும். அப்புறம் முந்தைய தாளை வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தினேன். இப்போதெல்லாம் கேள்வித்தாளில் தலைப்புக்குக் கீழே ‘வாசகர்:’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.