அடி பின்னால், ரத்தம் முன்னால்

குளியலறையில் வழுக்கி விழுந்த அப்பாவுக்குப் பின்மண்டையில், வலப்பக்கம் அடி. வயது 74. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் சி.டி. ஸ்கேன் உடனே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தது ஐந்து நிமிடம். அலைந்தது அரை நாள்.

ஸ்கேன் மையத்தில் ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் பிரித்துப் படித்தேன். முதல் வரியிலேயே 'ஸ்கால்ப் ஹெமடோமா'. மூளையில் ரத்தக்கட்டு என்று நானே முடிவு செய்து, அக்காவைப் போனில் அழவைத்துவிட்டேன். அது தோலுக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் கட்டிய ரத்தம். தொட்டால் தட்டுப்படும் புடைப்பு, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது அடுத்த வரி: இடது முன்பக்கம் 'சப்டியூரல்', 4 மி.மீ. மண்டையோட்டுக்கு உள்ளே, மூளையின் வெளியுறைக்கு அடியில் படர்ந்த கசிவு.

அடிபட்டது வலப்பக்கப் பின்மண்டை, ரத்தம் இடது முன்பக்கமா? தட்டச்சு செய்தவர் பக்கத்தை மாற்றிவிட்டார் என்று கொதித்துப்போனேன். நரம்பியல் அறுவை மருத்துவர் சிரிக்கவில்லை. பின்னால் விழும்போது மூளை உள்ளுக்குள் எதிர்ப்பக்கம் இடிபடும், அதனால் கசிவு அங்கே வருவது வழக்கம்தான் என்றார். பிறகு கேட்டார், "ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டு எங்கே?"

ரிப்போர்ட்டில் பின்மண்டையில் நேர்க்கோட்டு முறிவு, விலகவில்லை என்று இருந்தது. எலும்பு உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று எலும்புக்கான படங்களை அவரே பார்க்க வேண்டுமாம். அவை அந்த வட்டில்தான் இருக்கும். திரும்ப 18 கிலோமீட்டர். கவுண்டரில், அசல் பில் இல்லாமல் தர முடியாது என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்கள். பில் மைத்துனர் சட்டைப்பையில், மைத்துனர் ஆஸ்பத்திரியில்! வாட்ஸ்அப்பில் படம் வரவழைத்துக் காட்டி, மேலாளரிடம் கத்திய பிறகே வட்டு கிடைத்தது. ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட்டையும் வட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

திரையில் அந்தக் கசிவு பிறை போல வெள்ளையாகத் தெரிந்தது. வெள்ளை என்றால் புது ரத்தம். முறிவு மயிரிழைக் கோடு, அமுங்கவில்லை. 'எடிமா இல்லை' என்பது மூளையின் வீக்கத்தைப் பற்றியது, வெளியே தெரியும் வீக்கத்தை அல்ல. மூளை வீங்கினால் அதன் மடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் மறைந்துவிடும். அப்பாவுக்குத் தெளிவாக இருந்தன. 'மிட்லைன் ஷிப்ட் இல்லை' என்ற வரியை மருத்துவர் பேனாவால் தட்டிக் காட்டினார்: ரத்தமோ வீக்கமோ மூளையின் நடுக்கோட்டை ஒரு பக்கம் தள்ளவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். இதய மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தார்கள். இரவு முழுக்க எழுப்பி எழுப்பிப் பேசவைத்தார்கள். மறுநாள் காலை இன்னொரு ஸ்கேன்; அதே 4 மி.மீ. இரண்டு, மூன்று வாரம் கழித்தும் கசிவு மெல்லப் பெருகலாம் என்பதால், தலைவலியோ தடுமாற்றமோ குழப்பமோ வந்தால் உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த முறை கவுண்டரில் முதலில் வட்டை வாங்கினேன், பிறகுதான் பணம் கொடுத்தேன்.