கழிக்கப்படும் வரியும் கேட்கப்படும் வரியும்

2022-ஆம் ஆண்டில் காரைக்குடிக்கு அருகே ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருந்தபோது, நான் கையொப்பமிட்டு அனுப்பிய 12,600 ரூபாயைப் பற்றியது இது.

பணம் ஓர் ஆச்சியுடையது. பிள்ளைகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்க, முகப்பும் வளவும் பட்டாலையும் கொண்ட பெரிய வீட்டில் அவர் தனியாக இருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் மூலம் இணையத்தில் ஒரு மிக்ஸி வாங்கிய சில வாரங்களில், அவருடைய பெயருக்கும் முகவரிக்கும் பதிவுத் தபாலில் ஒரு சுரண்டல் அட்டை வந்திருக்கிறது. சுரண்டினால் கார். கார் வேண்டாமென்றால் 12,60,000 ரூபாய் ரொக்கம். அதற்குப் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் என்று அட்டையிலிருந்த எண்ணில் பேசியவர் சொல்ல, ஆச்சி எங்கள் கிளைக்கு வந்து பணம் அனுப்பும் படிவத்தை நிரப்பித் தந்தார். பெறுநர் வேறு மாநிலத்தில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த தனிநபர். கூட்டம் மிகுந்த நாள் அது; எண்களைச் சரிபார்த்தேனே தவிர, எதற்காக அனுப்புகிறார் என்று கேட்கவில்லை.

எட்டு நாள் கழித்து வைப்புத்தொகை ரசீதுடன் வந்தார். முதிர்வுக்கு முன்பே முடித்து 37,800 ரூபாய் அனுப்ப வேண்டும் என்றார். "வருமான வரி தம்பி, மூணு சதவீதம். கட்டினால்தான் பணத்தை விடுவாங்களாம். யாரிடமும் சொல்லக்கூடாதென்று சொல்லியிருக்காங்க" என்றார். கடைசி வாக்கியம்தான் என்னை நிமிர வைத்தது.

பரிசுக்கான வரியை யாரும் முன்கூட்டிக் கேட்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். அவர் கைப்பேசியில் அந்த நபரை அழைத்து என்னிடம் கொடுத்தார். காரைப் பரிசாகக் கொடுக்கும்போது வரி கட்டிய பிறகே ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம் என்று அவர் தயக்கமின்றிச் சொன்னார். சட்டத்தை எடுத்துப் பார்த்தபோது அவர் சொன்ன அந்த ஒரு விதி உண்மையாகவே இருந்தது. அப்போது நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பரிசு முழுவதும் பொருளாக இருந்தால், வரி செலுத்தப்பட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே அதை வழங்க வேண்டும். நான் அவசரமாகச் சொன்ன பொது விதி இங்கே தவறாகிவிட்டது. இத்தகைய ஏமாற்று வேலைக்கு வலுவைத் தருவது பொய்க்குள் வைக்கப்படும் இந்த ஒரு துண்டு மெய்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஆச்சியின் எதிரே ஒரு தாளில் கணக்கை எழுதினேன். அவர் கேட்டிருப்பது கார் அல்ல, ரொக்கம். ரொக்கப் பரிசென்றால் கொடுப்பவரே 30 சதவீதமான 3,78,000 ரூபாயைக் கழித்து அரசுக்குச் செலுத்திவிட்டு, மீதி 8,82,000 ரூபாயைத் தர வேண்டும். பரிசைப் பெறுவதற்காக வென்றவர் கையிலிருந்து ஒரு காசும் போகாது. காராகவே வைத்துக்கொண்டாலும், காரின் மதிப்பு அதுவேயானால் வரி அதே 3,78,000 தான், 37,800 அல்ல. சட்டத்தில் இல்லாத மூன்று சதவீதம் ஏன் வந்தது? ஆச்சியால் திரட்டக்கூடிய தொகை அது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

பிறகு ஆச்சியிடம், "உங்கள் பான் எண்ணைக் கேட்டார்களா?" என்றேன். கேட்கவில்லை. வரி என்பது ஒருவருடைய பான் எண்ணின் பெயரில் சலான் வழியாக அரசின் கணக்கில் சேர வேண்டியது. செலுத்தியதும் வங்கிக் கிளையின் ஏழு இலக்கக் குறியீடும் தேதியும் சலான் வரிசை எண்ணும் கொண்ட ரசீது கிடைக்கும். எந்த வரியும் தனிநபரின் சேமிப்புக் கணக்கில் சேராது. ஆச்சியே மறுபடி அழைத்து, "வரியை என் பேரிலேயே சலானில் கட்டிடறேன் தம்பி, ரசீதை அனுப்பி வைக்கிறேன்" என்றார். எதிர்முனையில் குரல் மாறியது. அதிகாரியின் கணக்கில்தான் போட வேண்டும், இன்று மாலைக்குள் போடாவிட்டால் பரிசு ரத்து என்று அதட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். கணக்குப் போட்டுக் காட்டியபோதும் அரைமனதாக இருந்த ஆச்சி, அந்த அதட்டலைக் கேட்ட பிறகு ரசீதைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றே இணையவழிப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணில் புகார் பதிந்தோம். பணம் இன்னும் ஏதேனும் கணக்கில் நின்றிருந்தால் மட்டுமே அதை முடக்க முடியும். எட்டு நாள் என்பது மிக நீண்ட காலம். முதல் கணக்கிலிருந்து அது வேறு கணக்குகளுக்குப் பிரிந்து ஏடிஎம்களில் எடுக்கப்பட்டுவிட்டது. 12,600 திரும்பவில்லை.

வாடிக்கையாளர் எழுத்துமூலம் உத்தரவிட்டால், அவருடைய பணத்தை அனுப்ப மறுக்கும் உரிமை பெரும்பாலும் எங்களுக்குக் கிடையாது. ஆனால் கேட்க முடியும். அதற்குப் பிறகு, வயதானவர்கள் வைப்புத்தொகையை முடித்து அறிமுகமில்லாத வெளிமாநிலக் கணக்குக்கு அனுப்ப வந்தால், அவர்களை உட்கார வைத்து, யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று விசாரித்த பிறகே கையொப்பமிட்டேன். ஆச்சி அன்று கிளம்பும்போது, மகனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், நான் சொல்லவில்லை. ஆனால் அவரே ஒரு மாதத்துக்குள் பக்கத்துத் தெருவிலிருந்து வேறொரு பெண்ணைக் கையில் அதே போன்ற அட்டையுடன் அழைத்து வந்து, "அந்தக் கணக்கை இவளுக்கும் எழுதிக் காட்டுங்க தம்பி" என்றார்.