இரண்டு ஆஃபர் லெட்டர், ஒரே அட்டவணை

சோழிங்கநல்லூரில் உள்ள பெரிய நிறுவனம் ஆண்டுக்கு 15,60,000 ரூபாய் சிடிசி, அதாவது எனக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, தருவதாக எழுதியிருந்தது. கிண்டியில் உள்ள சின்ன நிறுவனம் 13,80,000. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பெரிய நிறுவனத்தின் கடிதம் இணைப்புகளோடு பதினோரு பக்கம், மற்றது மூன்றே பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலும் எதை எதோடு ஒப்பிடுவது என்று பிடிபடவில்லை. ஒன்றில் நோட்டீஸ் பீரியட் பதினான்காவது விதியில் இருந்தது, மற்றதில் சம்பளப் பத்தியின் கடைசி வரியில்.

அதனால் எக்செலைத் திறந்து, ஒவ்வொரு விதியையும் ஒரு வரிசையாக மாற்ற ஆரம்பித்தேன். முதலில் வரிசைகளுக்குப் பெயர் வைக்க வேண்டும். கடிதத்தில் இருக்கும் தலைப்பை அப்படியே எடுத்தால் வேலைக்கு ஆகாது, இரண்டு கடிதத்திலும் தலைப்புகள் வேறு வேறு. நான் கேள்விகளாக வைத்தேன். 'நோட்டீஸ் பீரியட்' என்று ஒரு வரிசை போடாமல், 'நான் விலகினால் எத்தனை நாள்?', 'அவர்கள் அனுப்பினால் எத்தனை நாள்?', 'பணம் கட்டி முன்கூட்டியே கிளம்ப முடியுமா?' என்று மூன்று வரிசை. பெரிய நிறுவனத்தின் ஒரே விதி இந்த மூன்றுக்கும் பிரிந்து போனது: நான் போனால் 90 நாள், தகுதிகாண் காலத்தில் அவர்கள் அனுப்பினால் 15 நாள், பணம் கட்டிக் கிளம்புவது நிர்வாகத்தின் விருப்பம். சின்ன நிறுவனத்தில் இரு தரப்புக்கும் 60 நாள். 90க்கு 60 என்று மட்டும் பார்த்திருந்தால் அந்த 15 கண்ணில் பட்டிருக்காது. ஒவ்வொரு செல்லிலும் விதி எண்ணையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன், பிறகு சந்தேகம் வந்தால் தேடாமல் இருக்க.

அப்புறம் பணம். இரண்டு நிறுவனமும் சிடிசி என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு பொருட்களைப் போட்டிருந்தன. அதனால் மேலே சிடிசியை வைத்து, மாதச் சம்பளமாகக் கைக்கு வராததையெல்லாம் கீழே ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

| ஆண்டுக்கு, ரூபாயில் | பெரியது | சின்னது |
|---|---|---|
| சிடிசி | 15,60,000 | 13,80,000 |
| வேரியபிள் பே | 2,34,000 | 60,000 |
| ஜாயினிங் போனஸ் | 1,00,000 | 0 |
| கிராஜுட்டி | 30,014 | 0 |
| காப்பீட்டு பிரீமியம் | 18,000 | 0 |
| நிறுவனத்தின் பிஎஃப் பங்கு | 74,880 | 21,600 |

சிடிசி இரண்டாவது வரிசையில் இருப்பதால் மாத மொத்தச் சம்பளத்துக்கான சூத்திரம் இது. அடுத்த நெடுவரிசைக்கு இழுத்துவிட்டால் சின்ன நிறுவனத்துக்கும் வந்துவிடும்.

```
=(B2-SUM(B3:B7))/12
```

பெரியதில் 91,926 ரூபாய் வந்தது, சின்னதில் 1,08,200. ஆண்டுக்கு 1,80,000 குறைவு என்று நினைத்த வேலை, மாதம் பதினாறாயிரம் கூடுதலாகத் தருகிறது! வருமான வரியை நான் இதில் சேர்க்கவில்லை, கடிதங்கள் சொல்வதை மட்டும் ஒப்பிட்டேன்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பிஎஃப் நம் பணம்தான், இப்போது கையில் வராது, அவ்வளவே. பெரிய நிறுவனம் 6,24,000 பேசிக் முழுவதற்கும் 12 சதவீதம் போடுகிறது. சின்னது 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 மட்டும். அதனால் 'உறுதியாக என்னுடையது' என்று ஒரு வரிசை சேர்த்து, பிஎஃப் பங்கை மாதச் சம்பளத்தின் ஆண்டுக் கணக்கோடு கூட்டினேன். பெரியது 11,77,986, சின்னது 13,20,000. வித்தியாசம் சுருங்கியது, ஆனால் திசை மாறவில்லை. வேரியபிளை இதில் விட்டதற்குக் காரணம், பெரிய நிறுவனத்தின் விதியில் "15 சதவீதம் வரை" என்று இருந்த அந்த 'வரை'. கூடவே, பணம் தரும் நாளில் வேலையில் இருந்தால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனை. சின்னதின் 60,000த்தையும் அதே கண்டிப்போடு விட்டுவிட்டேன்.

ஜாயினிங் போனஸுக்குத் தனியாக இரண்டு வரிசை தேவைப்பட்டது. முதல் வரிசை, 'இரண்டாம் ஆண்டில் என்ன மிஞ்சும்?' அந்த ஒரு லட்சம் போனதும் சிடிசி 14,60,000 ஆகிவிடும். இரண்டாவது, 'திருப்பிக் கேட்பார்களா?' பதினெட்டு மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்று இருந்தது. வேலை செய்த மாதங்களுக்குக் கழிவு கிடையாது. வரி பிடித்தது போக வந்த தொகையா, முழு ஒரு லட்சமா என்று விதியைத் திரும்பப் படித்தேன். வரிக்கு முந்தைய முழுத் தொகைதான்.

இப்படி நிரப்பிக்கொண்டே போகும்போது காலி செல்கள் தெரிய ஆரம்பித்தன. ஒரு கடிதத்தில் விதி இருக்கும், மற்றதில் சத்தமே இருக்காது. ஹெச்.ஆரில் வேலை பார்க்கும் என் அக்கா அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கம்பெனி பாலிசிப்படின்னு எழுதியிருக்கியே, அதுவும் காலி செல்தான்டா. பாலிசியைப் பார்க்காம அதை நிரப்பாதே" என்றாள். அவள் சொன்ன பிறகு அத்தனையையும் மஞ்சளாக்கினேன்.

எல்லாக் காலிகளும் ஒரே மாதிரி இல்லை. சின்ன நிறுவனத்தின் கடிதத்தில் கிராஜுட்டி பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் சட்டப்படி, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் அந்த நிறுவனமும் ஐந்து ஆண்டு முடித்தவருக்குக் கிராஜுட்டி கொடுத்தே ஆக வேண்டும். அவர்கள் அதைச் சிடிசிக்குள் கணக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். பெரிய நிறுவனம் பேசிக்கில் 4.81 சதவீதம் என்று சிடிசிக்குள் வைத்திருந்தது. ஐந்து ஆண்டுக்குள் கிளம்புகிறவர் கைக்குப் பொதுவாக வராத பணம் அது.

காப்பீட்டு வரிசையில் பெரிய நிறுவனம்தான் ஜெயித்தது. 5 லட்சம், அப்பா அம்மாவும் உள்ளே. சின்னதில் 3 லட்சம், பெற்றோர் கிடையாது. அறுபதைத் தாண்டிய இருவருக்கும் வெளியே பாலிசி எடுக்க விலை கேட்டேன், ஆண்டுக்கு 45,000 வரை சொன்னார்கள். அதைச் சின்ன நிறுவனத்தின் பக்கம் கழித்தேன். 1,42,014 ஆக இருந்த இடைவெளி 97,014 ஆனது. எனக்கு மிகவும் முக்கியமான வரிசை இதுதான் என்பதால், வெறும் 'இல்லை' என்று விடாமல் ரூபாயாக மாற்றினேன்.

மீதி மஞ்சள் செல்களை இரு நிறுவனத்தின் ஹெச்.ஆருக்கும் மின்னஞ்சலாக அனுப்பினேன். வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை என்று போனில் இரண்டு பேருமே "மூன்று நாள் சார்" என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் போனில் கேட்டதை நான் செல்லில் எழுதவில்லை. "இந்த விதி என் கடிதத்தில் இல்லை, எழுத்தில் உறுதிசெய்ய முடியுமா?" என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகக் கேட்டேன்.

சின்ன நிறுவனம் மறுநாளே பதில் அனுப்பியது. வீட்டிலிருந்து வேலை இரண்டு நாள் என்று எழுதினார்கள், மூன்று இல்லை. விடுப்பு 24 நாள், அதில் நோய்விடுப்பும் அடக்கம். பெரிய நிறுவனம், எல்லாமே வேலையில் சேர்ந்த பிறகு காட்டப்படும் பாலிசிப்படி நடக்கும் என்றது. பாலிசியின் நகல் கேட்டேன், வரவில்லை. அவர்கள் நெடுவரிசையில் ஆறு செல் கடைசி வரை மஞ்சளாகவே இருந்தது. நான் கிண்டிக்கு ஒப்புதல் அனுப்பினேன். அந்தப் பதில் மின்னஞ்சலின் பிடிஎஃப்பை, கையெழுத்திட்ட கடிதத்தோடு இணைத்தே அனுப்பினேன்.