கெண்டை ஏறாத வலி

ஐம்பத்தெட்டு வயதில் தையல் கடையில் நாள் முழுக்க நின்று துணி வெட்டுகிறவன் நான். வாரத்தில் மூன்று நாளாவது பின்னிரவில் கெண்டை ஏறிவிடும். தொட்டுப் பார்த்தால் ஆடுசதைக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி, கல்லைப் போல. கத்தாமல் இருக்க முடியாது.

முதலில் வாழைப்பழம் சாப்பிட்டேன், பிறகு மெக்னீசியம் மாத்திரை வாங்கினேன். இரண்டும் என் காலுக்கு ஒன்றும் செய்யவில்லை. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கி நீண்டு, ஆடுசதை ஏற்கெனவே சுருங்கியே இருக்கும். அந்த நிலையில் நரம்பு தூண்டிவிட்டால் அது முழுதாக இறுகிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். இரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரையில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருந்தது. அதுவும் காரணமாகலாம் என்று வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். நானாக நிறுத்தியிருந்தால் அழுத்தம் எகிறியிருக்கும்.

பிடித்ததும் முழங்காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். கட்டி கரைவது கைக்கே தெரியும். படுக்கப் போகுமுன் இன்னொன்று: சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய்வது. பத்து எண்ணும்வரை, காலுக்கு மூன்று முறை. குதிகால் எழும்பினால் பயனில்லை; நான் இரண்டு வாரம் அப்படித்தான் ஏமாந்தேன். ஒன்றரை மாதத்தில் வாரம் மூன்று என்பது மாதம் ஒன்றாகக் குறைந்தது.

இந்தப் பழக்கமே பிறகு என்னைத் தவறாக நினைக்க வைத்தது. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டபடியே வந்தேன். மறுநாள் இரவு இடது ஆடுசதையில் வலி. வழக்கம்போல் விரல்களை இழுத்தேன், குறையவில்லை. கட்டியும் இல்லை. சதை இறுகாமல், கனத்துச் சூடாக இருந்தது. விடிந்த பிறகும் வலி அப்படியே நின்றது. எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன் என்று மனைவி சொன்னாள். அதிர்ஷ்டவசமாக எண்ணெய் தீர்ந்திருந்தது.

மருத்துவர் நாடாவை எடுத்தார், நான் தினமும் கழுத்தில் போட்டிருக்கும் அதே மாதிரி நாடா. முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு கால்களையும் சுற்றளந்தார். வலது 34, இடது 38. 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார். டாப்ளர் ஸ்கேனில் உறைகட்டி தெரிந்தது. அதை உருவிவிட்டிருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும் என்றபோதுதான் எனக்கு வியர்த்தது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லி, உறைவைத் தடுக்கும் மாத்திரையை மூன்று மாதத்துக்கு எழுதினார்.

மாத்திரை முடிந்த பிறகு ஓர் இரவு மறுபடி கெண்டை ஏறியது. கட்டி இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்தேன். இருந்தது. இழுத்தேன், இரண்டு நிமிடத்தில் விட்டது.